அரைப் பேருக்கு இங்கிலிஷ்ல என்ன பேரு?

கேள்வி: அக்கா, நான் ஹட்டன் பக்கம், தமிழ்ல ஸ்டாண்ட்-அப் கொமெடி செய்றேன். ஒபிஸ்ல கிளார்க் "அம்மாவோட முழுப் பேர் என்ன?"ன்னு கேக்க, நான் "நேத்து மழைங்க சார், 12 கிலோதான், அரைப் பேருங்க"ன்னு சொல்ற ஜோக்குக்கு இங்க விழுந்து விழுந்து சிரிப்பாங்க. "நாங்க லயன்ல பொறந்தவங்க, ஆனா தொரையக் கண்டா பூனை"ன்னு இன்னொண்ணு, அதுவும் ஓடும். போன மாசம் கொழும்புல ஒரு இங்கிலிஷ் ஷோவுல ரெண்டையும் அப்படியே மாத்திச் சொன்னேன், ஒரு சத்தம் வரல. அடுத்த மாசம் திரும்ப அஞ்சு நிமிஷம் குடுத்திருக்காங்க. என்ன செய்ய?

பதில்: தம்பி, அந்த மௌனம் எனக்கும் தெரியும். நாடகம் போட்டுத் திரிஞ்ச காலத்துல கண்டியில ஒரு மேடையில தமிழ்ப் பகிடி ஒண்ண இங்கிலிஷ்ல சொல்லிட்டு, யாரும் சிரிக்கலன்னதும் "தமிழ்ல இந்தச் சொல்லுக்கு ரெண்டு அர்த்தம்"னு விளக்கம் வேற குடுத்தேன், முன் வரிசையில ஒரு பெரியவர் ரொம்ப மரியாதையா தலையாட்டினார், அதுக்கு அவர் எந்திரிச்சுப் போயிருக்கலாம்.

உங்க அரைப் பேர் ஜோக்கு நல்ல ஜோக்கு. வெளியூர் ஆளுங்களுக்காக ஒரு வரி சொல்லிடுறேன், தேயிலைத் தோட்டத்துல ஒரு நாள் சம்பளத்துக்குப் பேர் போடுறதுன்னு சொல்லுவோம், சொன்ன கிலோவுக்குக் கொழுந்து வரலன்னா அரைப் பேர்தான். கிலோக் கணக்கு தோட்டத்துக்குத் தோட்டம் மாறும், 18ன்னே வச்சுக்குவோம். ஆக "பேர்"ங்கற ஒரே சொல்லுல ஒபிஸ் ஃபோம்ல எழுதுற பேரும் இருக்கு, அம்மாவோட ஒரு நாள் உழைப்பும் இருக்கு, ஜோக்கு முழுக்க அந்த ஒரு கீல்லதான் தொங்குது. இங்கிலிஷ்ல "ஹாஃப் நேம்"னா அங்க கீலே கெடையாது, "நேம்"னா பேரு மட்டும்தான், அதுக்கு மேல நீங்க எவ்வளவு நடிச்சாலும் கதவு தொறக்காது.

அதனால முதல்ல ஜோக்க ரெண்டா உடைங்க. ஒரு பக்கம் கீல், அதாவது ரெட்டை அர்த்தச் சொல்லு. இன்னொரு பக்கம் மிச்ச எல்லாம், அதாவது யாரு யாரப் பாத்து என்ன கேக்குறாங்க, யாரு தப்பா வெளங்கிக்கிறாங்க, கடைசியில யாருக்கு மூக்கு உடையுது. உங்க ஜோக்குல கிளார்க் ஒபிஸ் பாஷையில ஒரு கேள்வி கேக்குறார், நீங்க தோட்டத்துப் பாஷையில பதில் சொல்றீங்க, மாட்டிக்கிறது அந்தக் கணக்குப் போடுற முறை. இந்த ரெண்டாவது பக்கத்த அப்படியே வச்சுக்கிட்டு கீல மட்டும் கழட்டிப் போடுங்க. "பேர்"னு ஒரு சொல்லு இருந்துச்சுங்கறதையே மறந்துடணும், இதுதான் கஷ்டம், ஏன்னா நமக்கு ஆசை அந்தச் சொல்லு மேலதான்.

இப்ப புதுக் கீல் தேடணும். தமிழ்ச் சொல்லுக்கு இங்கிலிஷ்ல என்னன்னு தேடாம, அதே எடத்துல, அதாவது தேயிலையும் ஒபிஸும் ஒண்ணா நிக்கிற எடத்துல, இங்கிலிஷே சொந்தமா வச்சிருக்கிற ரெட்டைச் சொல்லு என்னென்னன்னு ஒரு தாள்ல எழுதுங்க. நான் எழுதிப் பாத்தேன், லைன், எஸ்டேட், ப்ரோக்கன், ஸ்டீப், லீவ்ஸ். கடைசியில இருக்கிறத ரெண்டு தரம் வாசிங்க. கொழுந்தும் லீவ்ஸ், ஒபிஸ்ல போடுற லீவும் லீவ்ஸ்.

மொதல்ல எனக்கு வந்தது இது: "மை மதர் நெவர் காட் லீவ். ஷி ஒன்லி காட் லீவ்ஸ்." சிலேடை சரியாத்தான் இருக்கு, ஆனா இதுக்கு "ஊஊ"ன்னு ஒரு முனகல்தான் வரும், சிரிப்பு வராது. ஏன்னா கிளார்க்கையும் கேள்வியையும் தொலைச்சுட்டேன், சொல்லு மட்டும் தனியா நிக்குது, நான் கெட்டிக்காரின்னு காட்டுற மாதிரி. கிளார்க்கத் திரும்ப உள்ள கூட்டிக்கிட்டு வந்தா இப்படி ஆகுது:

"மை மதர் பிக்ஸ் டீ. எய்ட்டீன் கிலோஸ் அ டே, ஆர் தே கட் த பே. ஸோ ஐ கோ டு திஸ் ஒபிஸ், அண்ட் த கிளார்க் ஆஸ்க்ஸ், ஹவ் மெனி லீவ்ஸ் டிட் யுவர் மதர் டேக் லாஸ்ட் இயர்? ஐ செட், லாஸ்ட் இயர் ஐ டோன்ட் நோ, சார். யெஸ்டர்டே, ட்வெல்வ் கிலோஸ்."

அதோட நிப்பாட்டாதீங்க, இதுக்கு ஒரு வால் இருக்கு. கிளார்க் கொஞ்சம் யோசிச்சிட்டு "ஓகே, ஐ வில் புட் ஹாஃப் டே"ங்கறார். நீங்க: "தட்ஸ் வாட் த எஸ்டேட் புட், சார்." பாருங்க தம்பி, ஹாஃப் டேன்னா ஒபிஸ்ல அரை நாள் லீவு, தோட்டத்துல அரை நாள் சம்பளம். நீங்க தூக்கிப் போட்ட அரைப் பேர் வேற வாசல் வழியா தானாத் திரும்பி வந்திருச்சு, "பேர் போடுறது"ல இருந்த போடுறது கூட "புட்"டா வந்து உக்காந்திருக்கு. இத நான் தேடல, கிளார்க்கத் திரும்பக் கூட்டிட்டு வந்ததால கெடைச்சுது.

இதுல ரெண்டு எடம் கவனமா இருக்கணும். ஒண்ணு, "லீவ்ஸ்"ங்கற சொல்லு கிளார்க் வாயில இருந்துதான் முதல்ல வரணும். முன்னுரையில "மை மதர் பிக்ஸ் டீ லீவ்ஸ்"னு நீங்களே சொல்லிட்டா கீல எண்ணெய் போட்டுக் காட்டின மாதிரி, கேள்வி வரும்போதே பாதிப் பேரு கண்டுபிடிச்சிருவாங்க. அதான் "பிக்ஸ் டீ"ன்னு மட்டும் வச்சிருக்கேன்.

ரெண்டாவது, சொல்லு வர்ற வரிசை. தமிழ்ல வினைச்சொல்லு கடைசியில நிக்கும், ஆனா மேடையில நம்ம அத முழுங்கிட்டு "அரைப் பேருங்க"ன்னு கீல்லயே நிப்பாட்டிருவோம், சிரிப்பும் அங்கயே வெடிக்கும். நீங்க மாத்தினப்போ அனேகமா "ஹாஃப் நேம் ஒன்லி, பிகாஸ் ஷி ப்ளக்ட் ட்வெல்வ் கிலோஸ் பிகாஸ் ஆஃப் த ரெயின்"னு போயிருக்கும், வெடி மொதல்லயே, அதுக்குப் பின்னால ரெண்டு "பிகாஸ்", சிரிக்க வந்தவன் கூட நீங்க பேசி முடிக்கட்டும்னு காத்திருந்து மறந்திருவான். புதுசுல "கிலோஸ்" சொன்னதும் வாய மூடிருங்க. மழை எல்லாம் வேணாம், அது ஹட்டனுக்கு மட்டும் தெரிஞ்ச வெவரம்.

இன்னொண்ணும் சொல்லணும், கேக்க நல்லா இருக்காது. ஹட்டன்ல உங்க ஜோக்குக்கு சிரிக்கிறவங்களே அரைப் பேர் வாங்கினவங்க. கொழும்புல சிரிக்கிற ஆளு அம்மாவப் பாத்துச் சிரிக்கிறானா, கிளார்க்கப் பாத்துச் சிரிக்கிறானான்னு நீங்கதான் தீர்மானிக்கணும். அந்த வால் வரி இல்லாம விட்டா அம்மா ஒண்ணும் தெரியாதவங்க மாதிரியும் மகன் இங்கிலிஷ் வெளங்காதவன் மாதிரியும் ஆகிடும், வால் வந்ததும் அடி தோட்டத்துக் கணக்குக்குப் போகுது. அஞ்சு நிமிஷத்துல எத வெட்டினாலும் அத வெட்டாதீங்க.

லயன் ஜோக்குக்கு வருவோம். வெளியூர் ஆளுங்களுக்கு, தோட்டத்துல வரிசையாக் கட்டின லைன் வீடுதான் லயன், தொரைன்னா தோட்டத்து மேனேஜர். லயன் இங்கிலிஷ்ல இருந்து வந்த சொல்லுதானே, அது நேராப் போயிரும்னு நெனச்சிருப்பீங்க, ஆனா இதுதான் இருக்கிறதுலயே மோசமான பொறி. லைனையும் சிங்கத்தையும் ஒரே மாதிரி சொல்றது நம்ம நாக்கு மட்டும்தான், இங்கிலிஷ் காதுக்கு அது ரெண்டும் வேற வேற சத்தம், அங்க சிலேடையே கெடையாது, நீங்க உச்சரிப்புல தடுமாறுறீங்கன்னுதான் கேக்கும். இதுலயும் கீல மாத்துங்க. லைன்னா வரிசையும் தானே. "ஐ வாஸ் போர்ன் இன் அ லைன் ரூம். டூ ஹண்ட்ரட் இயர்ஸ், அண்ட் வீ ஆர் ஸ்டில் இன் லைன்." நம்ம ஆளுங்க தோட்டத்துக்கு வந்து 200 வருஷம், மலையகம் 200ன்னு 2023ல ஊரெல்லாம் பேசினதால அந்தக் கணக்கு கொழும்புக்குத் தெரியும், 2022ல பெட்ரோலுக்கும் கேஸுக்கும் அவங்களே லைன்ல நின்னிருக்காங்க, அதனால வரிசைங்கற அர்த்தத்த விளக்கவே வேணாம். ஆனா பூனை போயிருச்சு, தொரையும் போயிட்டார். எனக்கும் வருத்தம்தான், அந்தப் பூனை நல்ல பூனை.

அப்படிப் போனதுக்கு வேற எடத்துல ஈடு கட்டலாம், அதே ஜோக்குக்குள்ளயே கட்டணும்னு இல்ல. தமிழ்ல சொல்லவே முடியாத, இங்கிலிஷுக்கு மட்டும் சொந்தமான ஒண்ண ஆரம்பத்துலயே வைங்க. நம்ம தேயிலையில பிஓபின்னா ப்ரோக்கன் ஆரஞ்ச் பீக்கோ, கொழும்புல கடைக்குப் போற எல்லாருக்கும் தெரிஞ்ச எழுத்து. "மை இங்கிலிஷ் இஸ் லைக் அவர் டீ. ப்ரோக்கன். பட் யூ ஸ்டில் பே ஃபார் இட்." இது உங்க உச்சரிப்பப் பத்தி அவங்க மனசுல நெனைக்கிறத நீங்களே முந்திச் சொன்ன மாதிரியும் ஆச்சு. மச்சான், ஐயோ மாதிரிச் சொல்லையெல்லாம் மாத்தாதீங்க, கொழும்பு இங்கிலிஷ்ல அது ஏற்கெனவே குடியிருக்கு.

சொல்லிப் பாக்குறப்போ ஃபோன்ல ரெக்கோர்ட் பண்ணுங்க. சொன்ன உடனே சிரிப்பு வந்தா கீல் சரி. ஒரு செக்கன் கழிச்சு அங்கொண்ணு இங்கொண்ணா வந்தா அவங்க மனசுக்குள்ள மொழிபெயர்த்துப் பாத்துட்டு சிரிச்சிருக்காங்க, முன்னுரையில ஏதோ வெவரம் கொறையுது. தமிழ்க் கூட்டாளிங்க மேசை மட்டும் சிரிச்சா அத எண்ணவே கூடாது, அவங்க சிரிக்கிறது உங்க பழைய ஜோக்க நெனச்சு. தமிழ் ஒரு சொல்லும் தெரியாத ஒரு சிங்கள நண்பர், ஒரு பர்கர் நண்பர், இவங்களுக்கு முதல்ல சொல்லுங்க.

என்னைக்காவது லண்டன்ல சொல்ல வந்தா மட்டும் லீவ்ஸ் ஜோக்கத் திரும்பக் கழட்டணும். "ஹவ் மெனி லீவ்ஸ்"னு லீவ எண்ணுறது நம்ம ஊர் இங்கிலிஷ், அங்க யாரும் அப்படிக் கேக்க மாட்டாங்க, "டிட் ஷி டேக் எனி லீவ்"னுதான் கேப்பாங்க, அதுல இலை சரியாக் கேக்காது. அங்க "டீ லீவ்ஸ்"ங்கறத ரெண்டு மூணு நிமிஷம் முன்னாடியே வேற ஜோக்குல சும்மா போற போக்குல போட்டு வைக்கணும், அவங்க மறந்த மாதிரி இருக்கிற நேரத்துல கிளார்க் வரணும். அஞ்சு நிமிஷ செட்ல அதுக்கு எடம் இல்ல. இப்போதைக்கு ப்ரோக்கன்ல ஆரம்பிச்சு, லைன் நடுவுல வச்சு, லீவ்ஸ கடைசிக்கு வைங்க. பூனைய ஹட்டன்லயே விட்டுட்டுப் போங்க.