விசாவுக்கு இருப்புச் சான்றிதழ்: வங்கிக்கு எழுதும் கடிதத்தில் எந்தத் தேதி?

கேள்வி: பிரிட்டனில் படிப்பதற்காக மாணவர் விசாவுக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். பணம் என் பெயரில் உள்ள சேமிப்புக் கணக்கில்தான் இருக்கிறது. இருப்புச் சான்றிதழ் கேட்டால், நோக்கமும் காலமும் குறிப்பிட்டுக் கடிதம் கொடுங்கள் என்கிறது வங்கி. காலம் என்றால் எந்தக் காலம்? கடிதத்தை எப்படி எழுதுவது?

பதில்: நீங்கள் கேட்ட அந்தக் "காலம்"தான் இதில் முக்கியம். வெறுமனே "இருப்புச் சான்றிதழ் வேண்டும்" என்று எழுதினால், குறிப்பிட்ட ஒரு நாளில் கணக்கில் இவ்வளவு இருந்தது என்று வங்கி எழுதித் தந்துவிடும். அது அந்த ஒரு நாளுக்கு மட்டுமே சாட்சி. பிரிட்டன் மாணவர் விசாவின் விதிப்படி, தேவையான தொகை தொடர்ந்து 28 நாட்கள் கணக்கில் இருந்திருக்க வேண்டும். அந்த 28 நாட்கள் முடியும் தேதியும் விண்ணப்பிக்கும் தேதிக்கு முந்தைய 31 நாட்களுக்குள் வர வேண்டும். இடையில் ஒரே ஒரு நாள் இருப்பு குறைந்து, மறுநாளே பணத்தைத் திரும்பப் போட்டாலும் 28 நாள் கணக்கு முதலிலிருந்துதான் தொடங்கும்.

நீங்கள் ஜூன் 20 அன்று விண்ணப்பிப்பதாக வைத்துக்கொள்வோம். 31 நாட்கள் பின்னால் போனால் மே 20. ஆக, காலத்தின் கடைசி நாள் மே 20-க்கு முன்னால் போகக்கூடாது. ஜூன் 10-ஐக் கடைசி நாளாக எடுத்தால், 28 நாட்களுக்கான தொடக்கம் மே 14. நான் உங்கள் இடத்தில் இருந்தால் மே 14 என்று விளிம்பில் நிற்காமல் மே 1 முதல் கேட்பேன். கூடுதல் நாட்களால் கெடுதல் இல்லை, எண்ணுவதில் ஒரு நாள் பிசகினாலும் தாங்கும். ஜூன் 10-இன் இறுதி இருப்பு அன்றைய கணக்கை முடித்த பிறகுதான் தெரியும் என்பதால், கடிதத்தை ஜூன் 11 அல்லது அதற்குப் பிறகு கொடுங்கள்.

கடிதம் இப்படி இருந்தால் போதும்:

அனுப்புநர்: (பெயர், முகவரி, கைபேசி எண்)
பெறுநர்: கிளை மேலாளர், (வங்கி, கிளை)
தேதி: ஜூன் 11
பொருள்: மாணவர் விசாவுக்காக இருப்புச் சான்றிதழ் கோருதல்

ஐயா / அம்மா,
தங்கள் கிளையில் என் பெயரில் ________ என்ற எண்ணில் சேமிப்புக் கணக்கு உள்ளது. பிரிட்டன் மாணவர் விசா விண்ணப்பத்துடன் இணைப்பதற்காக எனக்கு இருப்புச் சான்றிதழ் தேவைப்படுகிறது. மே 1 முதல் ஜூன் 10 வரை இக்கணக்கின் இருப்பு ________ தொகைக்குக் கீழே குறையவில்லை என்பதையும், ஜூன் 10 அன்று இருந்த இறுதி இருப்பையும் அதில் குறிப்பிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். என் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி ________ என இருக்க வேண்டும். சான்றிதழை வங்கியின் கடிதத்தாளில், ஆங்கிலத்தில், தேதி, கையொப்பம், முத்திரையுடன் வழங்க வேண்டுகிறேன். அதே காலத்துக்கான கணக்கு அறிக்கையும் முத்திரையிட்டுத் தேவை. பாஸ்போர்ட் நகலை இணைத்துள்ளேன்.
இப்படிக்கு,
(கையொப்பம்)

"குறையவில்லை" என்ற வரியைச் சில கிளைகள் சேர்க்க மாட்டார்கள். அவர்களின் அச்சிட்ட படிவத்தில் அதற்கு இடமே இருக்காது. அதற்காக வாதாட வேண்டாம். ஒவ்வொரு நாளின் இருப்பும் தெரியும் கணக்கு அறிக்கையே அந்த வேலையைச் செய்துவிடும். அதைக் கடிதத்தில் சேர்த்துக் கேட்டதே அதனால்தான்.

தொகையை எழுதும்போது, பாக்கியுள்ள படிப்புக் கட்டணத்தோடு, அதிகபட்சம் 9 மாதங்களுக்கான வாழ்க்கைச் செலவையும் கூட்டிக்கொள்ளுங்கள். தேவை பவுண்டில் கணக்கிடப்படுகிறது, உங்கள் பணமோ வேறு நாணயத்தில் இருக்கலாம். மாற்று விகிதம் விண்ணப்பிக்கும் நாளைப் பொறுத்தது. அதனால் சரியாக அந்தத் தொகையை மட்டும் வைத்திருந்தால், விகிதம் கொஞ்சம் சரிந்தாலும் பற்றாக்குறை ஆகிவிடும். கொஞ்சம் கூடுதலாக வைத்திருங்கள்.

நோக்கத்துக்கு "மாணவர் விசா" என்ற ஒரு வரி போதும். எந்தப் பல்கலைக்கழகம், யார் செலவு செய்கிறார்கள் என்பதெல்லாம் வங்கிக்குத் தேவையில்லை. நோக்கமே எழுதாமல் விட்டால்தான் வங்கி ஏதோ ஒரு பொதுப் படிவத்தை நீட்டும். அப்புறம், வங்கியில் இனிஷியலும் பாஸ்போர்ட்டில் முழுப்பெயரும் இருந்தால், முதலில் வங்கிப் பதிவைத் திருத்தச் சொல்லுங்கள். சான்றிதழில் மட்டும் பெயரை மாற்றித் தர அவர்கள் தயங்குவார்கள், அது நியாயமும்கூட.

இந்த 28 நாள் கணக்கு பிரிட்டனுக்கானது. வேறு நாட்டு விசா என்றால் அந்தத் தூதரகத்தின் ஆவணப் பட்டியலைப் பார்த்துவிட்டுக் காலத்தை எழுதுங்கள். சுற்றுலா விசாக்களுக்குப் பெரும்பாலும் சில மாதக் கணக்கு அறிக்கை கேட்பார்கள்.

சான்றிதழ் கைக்கு வந்ததும் கவுண்டரிலேயே நின்று கணக்கு எண், பெயர், இரண்டு தேதிகள் ஆகியவற்றைப் பாருங்கள். விண்ணப்பம் தள்ளிப்போய் ஜூலை 11-ஐத் தாண்டினால் இந்தச் சான்றிதழ் உதவாது. ஜூன் 10-இலிருந்து 31 நாட்கள் கடந்திருக்கும். பழைய சான்றிதழை வைத்து விண்ணப்பிக்காமல், புதிய தேதிகளோடு இன்னொரு கடிதம் கொடுத்துவிடுங்கள். அதுவரை அந்தப் பணத்தில் கை வைக்க வேண்டாம்.