‘ஃப்ரீயாக இருக்கும்போது கூப்பிடுங்கள்’ என்று இனி எழுத வேண்டாம்

கேள்வி: நான் வேலூரில் பகுதி நேரமாக முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். ராணிப்பேட்டை, வாலாஜா பக்கம் 24 கிணறுகளில் மே மாதம் எடுத்த நீரில் மொத்தக் குரோமியம் எவ்வளவு என்று அளந்து எழுதிய கட்டுரைக்கு ‘மேஜர் ரிவிஷன்’ வந்திருக்கிறது. 23 குறிப்புகள். குரோமியத்தின் அதிக நச்சுள்ள, புற்றுநோய் உண்டாக்கக்கூடிய வடிவமான ஹெக்ஸாவேலன்ட் குரோமியத்தை ஏன் தனியாக அளக்கவில்லை என்று இரண்டாவது ரிவ்யூவர் கேட்கிறார். நவம்பர் கடைசிக்குள் அனுப்ப வேண்டும், இன்னும் 18 நாள்தான் இருக்கிறது. கருவியில் அளந்து கொடுத்த இணை ஆசிரியர் என்னைவிட மிகவும் மூத்தவர், இப்போது ஜெர்மனியில் இருக்கிறார். “சார், ஃப்ரீயா இருக்கும்போது கூப்பிடுங்க” என்று இரண்டு முறை அனுப்பினேன். “ஷ்யூர் மா” என்றார், அதோடு சரி. திரும்பக் கேட்டால் நெருக்குவது போல ஆகிவிடுமோ என்று தயக்கமாக இருக்கிறது. எப்படிக் கேட்பது?
— ச., காட்பாடி

பதில்: “ஷ்யூர் மா” என்று அவர் மனமாரத்தான் சொல்லியிருப்பார். ஆனால் நேரம் பார்ப்பது, என்ன பேச்சு என்று யூகிப்பது, அது பத்து நிமிடமா ஒன்றரை மணி நேரமா என்று கணக்குப் போடுவது எல்லாவற்றையும் உங்கள் செய்தி அவர் தலையிலேயே விட்டுவிட்டது. வேலைக்கு நடுவில் இருப்பவர் அதைத் தள்ளிப்போடத்தான் செய்வார். நேரம் குறித்துக் கேட்டால் மரியாதைக் குறைவு என்று நீங்கள் நினைக்கிறீர்கள். கல்யாணப் பத்திரிகையில் முகூர்த்த நேரம் போடாமல் ‘சௌகரியப்பட்டபோது வாருங்கள்’ என்று யாராவது அச்சடிக்கிறார்களா? நாளும் நேரமும் சொல்லி அழைப்பதுதான் பெரியவர்களுக்குச் செய்யும் மரியாதை.

கூப்பிடுவதற்கு முன்னால் உங்களுக்கு ஒரு மாலை நேர வேலை இருக்கிறது. 23 குறிப்புகளையும் ஒரு எக்ஸெல் தாளில், ஒரு குறிப்புக்கு ஒரு வரி என்று, ரிவ்யூவர் எழுதிய சொற்களை மாற்றாமல் ஒட்டுங்கள். பக்கத்தில் ‘என்ன செய்யப் போகிறோம்’, ‘யார்’, ‘என்றைக்குள்’ என்று மூன்று கட்டம் போடுங்கள். இது வீண் வேலை இல்லை. கடைசியில் எடிட்டருக்கு அனுப்பும் பதில் கடிதம் இந்தத் தாளிலிருந்துதான் பிறக்கப் போகிறது.

தாளை நிரப்பும்போதே குறிப்புகள் தாமாகப் பிரிந்துவிடும். வரைபடத்தில் அளவுகோல் இல்லை, அலகு ஒரே மாதிரி இல்லை, பாலாற்றுப் படுகையின் நிலவியல் பற்றி இரண்டு வரி வேண்டும் என்பது போன்றவற்றுக்கு யாரையும் கேட்க வேண்டாம், நீங்களே முடித்துவிடலாம். அடுத்து, அவரிடம் மட்டுமே இருக்கும் தகவல்கள். கருவியால் கண்டறிய முடிகிற குறைந்தபட்ச அளவு என்ன, குரோமியம் இல்லாத வெறும் மாதிரியான பிளாங்க் என்ன காட்டியது, தெரிந்த அளவு குரோமியம் சேர்த்த மாதிரியில் எத்தனை சதவீதம் திரும்பக் கிடைத்தது போன்றவை. இவற்றைப் போனில் கேட்காதீர்கள். யாரும் இந்த எண்களை மனப்பாடமாகச் சொல்ல மாட்டார்கள், சொன்னாலும் தசமப் புள்ளி காதில் இடம் மாறிவிடும். இன்றே எழுத்தில் கேட்டுவிடுங்கள். அவர் நாடு மாறிப் போனவர் என்பதால் மூலக் கோப்புகள் பழைய ஆய்வகத்துக் கணினியிலேயே கிடக்கலாம். அப்படியானால் இங்கிருந்து யாராவது நேரில் போய் எடுத்து வர வேண்டும், அதற்கே நான்கைந்து நாள் ஓடிவிடும்.

மீதி இருப்பவைதான் பேசித் தீர்க்க வேண்டியவை. உங்கள் விஷயத்தில் அவற்றில் பெரியது ஹெக்ஸாவேலன்ட் குரோமியம். அதை மட்டும் முழுசாக யோசித்து வைத்துக்கொண்டு பேசப் போங்கள்.

முதலில் தோன்றுவது ‘பாட்டிலில் மீதி இருக்கும் தண்ணீரை அளந்தால் என்ன’ என்பது. அது முடியாது. மொத்த உலோகம் பார்க்க எடுக்கும் மாதிரியில் நைட்ரிக் அமிலம் விட்டிருப்பீர்கள். அமிலத்தில் ஹெக்ஸாவேலன்ட் குரோமியம் நாளாக நாளாக, நச்சு குறைந்த வடிவமான ட்ரைவேலன்ட்டாக மாறிவிடக்கூடும். மே மாதத்து பாட்டிலில் இப்போது அளந்து ‘இல்லை’ என்று வந்தால், கிணற்றில் இருந்ததா இல்லையா என்று அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஆக, இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, கட்டுரை மொத்தக் குரோமியத்தைப் பற்றி மட்டுமே பேசுகிறது என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, அதற்குத் தக்கபடி முடிவுரையைச் சுருக்குவது. இரண்டு, ஐந்தாறு கிணறுகளில் இப்போது அமிலம் விடாமல் புது நீர் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் டைஃபினைல்கார்பசைடு சேர்த்து ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில் 540 நானோமீட்டரில் அளப்பது. ராணிப்பேட்டையிலிருந்து வேலூருக்கு ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம் என்பதால் இது உங்களால் முடிகிற காரியம்தான்.

ஆனால் இப்போது நவம்பர், வடகிழக்குப் பருவமழைக் காலம். கிணற்று நீர் மட்டம் ஏறியிருக்கும், கரைந்திருப்பவற்றின் அடர்த்தியும் மாறியிருக்கலாம். மே மாதத்து மொத்த அளவோடு நவம்பர் மாதத்து ஹெக்ஸாவேலன்ட் அளவை ஒரே அட்டவணையில் வைத்து விகிதம் போட்டால் அந்த ரிவ்யூவர் விடவே மாட்டார். எனக்கு முதல் வழிதான் சரி என்று படுகிறது. இந்தியக் குடிநீர்த் தரமான IS 10500, லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருப்பதே மொத்தக் குரோமியத்துக்குத்தான். அதனால் உங்கள் ஒப்பீடு அப்படியே நிற்கும். மொத்தக் குரோமியம் முழுவதையும் ஹெக்ஸாவேலன்ட் என்று வைத்துப் புற்றுநோய் ஆபத்துக் கணக்குப் போட்டிருந்தால், அந்தப் பகுதியை எடுத்துவிட வேண்டும், அல்லது அது உச்சபட்ச மதிப்பீடு மட்டுமே என்று எழுத வேண்டும். கட்டுரையின் முடிவே இப்படி மாறுகிறது என்பதால்தான் இதை அவரோடு பேசாமல் நீங்கள் தனியாக முடிவு செய்யக் கூடாது. உங்களுக்குக் கிடைத்த உண்மையான காரணமும் இதுதான். அதையே சொல்லிக் கூப்பிடுங்கள்.

முதலில் உங்கள் கைடிடம் சொல்லிவிட்டு, அவரையும் பிரதியில் சேர்த்து, இப்படி ஒரு மின்னஞ்சல் அனுப்பலாம்:

“வணக்கம் சார். நம் குரோமியம் கட்டுரையின் ரிவிஷனை நவம்பர் 30க்குள் அனுப்ப வேண்டும். 23 குறிப்புகளில் 15ஐ நான் திருத்திவிட்டேன், தாளை இணைத்திருக்கிறேன். இரண்டு விஷயத்தில் உங்கள் முடிவு வேண்டும் சார். ஒன்று, ஹெக்ஸாவேலன்ட் குரோமியம் பற்றிய குறிப்புக்குப் புதிதாக அளப்பதா, கட்டுரையின் எல்லையைச் சுருக்கி எழுதுவதா. சுருக்கலாம் என்பது என் எண்ணம், காரணத்தைத் தாளில் எழுதியிருக்கிறேன். இரண்டு, 24 மாதிரிகளை வைத்துச் செய்த முதன்மைக்கூறு பகுப்பாய்வை வைத்துக்கொள்வதா, எடுப்பதா. அரை மணி நேரம் போதும். வியாழன் அல்லது வெள்ளி, இந்திய நேரம் மாலை 6.30, உங்களுக்குப் பிற்பகல் 2 மணி. இரண்டும் ஒத்துவராவிட்டால் சனிக்கிழமை எந்த நேரம் என்றாலும் நான் தயார் சார். கருவி விவரங்கள் நான்கு வேண்டும், அவற்றைத் தனி மின்னஞ்சலில் கேட்டிருக்கிறேன்.”

இரண்டு நேரத்தையும் எழுதுவது முக்கியம். ஜெர்மனியில் அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். கோடையில் மூன்றரை மணி நேரமாக இருந்த வித்தியாசம் இப்போது நாலரை ஆகிவிட்டது. பழைய கணக்கில் இருந்தால் ஒருவர் காத்திருக்க, இன்னொருவர் வராமலேயே போவார். மின்னஞ்சல் அனுப்பியதும் வாட்ஸ்அப்பில் “சார், ரிவிஷன் பற்றி மெயில் அனுப்பியிருக்கிறேன், வியாழனா வெள்ளியா என்று மட்டும் சொன்னால் போதும்” என்று ஒரு வரி போடுங்கள். ஒரு சொல்லில் பதில் சொல்லிவிடக்கூடிய கேள்விக்குப் பெரும்பாலும் பதில் வந்துவிடும்.

பேசும்போது நலம் விசாரித்ததும் ஹெக்ஸாவேலன்ட் விஷயத்தை எடுங்கள். சுருக்கம், முடிவுரை, ஏன், தலைப்பு வரைக்கும் அதைப் பொறுத்தே மாறும். எழுத்துப்பிழை, மேற்கோள் நடை என்று தொடங்கினால் அதிலேயே அரை மணி நேரம் கரைந்துவிடும். அவர் வேறு கருத்துச் சொன்னால் “அப்படியானால் அந்தப் பத்தியை நீங்கள் எழுதித் தருகிறீர்களா சார், 20ஆம் தேதிக்குள் கிடைக்குமா?” என்று அங்கேயே கேளுங்கள். இதைக் கேட்கத்தான் நமக்கு நாக்கு எழாது. நான் பணியில் சேர்ந்த புதிதில், மூத்த இணை ஆசிரியர் ஒருவரோடு ஒன்றரை மணி நேரம் மிக நன்றாகப் பேசிவிட்டு மகிழ்ச்சியாகப் போனை வைத்தேன். ஒரு படத்தைத் திரும்ப வரைய வேண்டியிருந்தது. அவர் வரைவார் என்று நான் இருந்தேன், நான் வரைவேன் என்று அவர் இருந்தார். கடைசித் தேதி தாண்டி, ஜர்னலின் தளம் அந்தக் கோப்பை மூடிவிட்டது. புதிய கட்டுரையாகத் திரும்ப அனுப்பினோம். புது ரிவ்யூவர்கள் வந்தார்கள், எல்லாம் முதலிலிருந்து தொடங்கியது.

அதனால் போனை வைத்த அன்று இரவே, தூங்கப் போகும் முன், தாளில் ‘யார்’, ‘என்றைக்குள்’ கட்டங்களை நிரப்பி அவருக்கும் கைடுக்கும் அனுப்புங்கள். “பேசியபடி குறித்திருக்கிறேன், மாற்றம் இருந்தால் சொல்லுங்கள் சார்” என்பது போதும். அவர் அனுப்ப வேண்டியவற்றுக்கு 20ஆம் தேதி வைத்தால், திருத்தங்கள் தெரியும் பிரதி, சுத்தப் பிரதி, பதில் கடிதம் மூன்றையும் 25ஆம் தேதி எல்லோருக்கும் அனுப்பி ஒப்புதல் கேட்க முடியும்.

மூன்று நாள் ஆகியும் பதிலே இல்லையென்றால் நீங்கள் நான்காவது செய்தி அனுப்ப வேண்டாம், கைடை ஒரு போன் செய்யச் சொல்லுங்கள். அது கோள் சொல்வது ஆகாது. எடிட்டரோடு கடிதப் போக்குவரத்து நடத்தும் ஆசிரியர் அவர்தானே, அது அவருடைய வேலையும்தான். அப்போதும் நகரவில்லை என்றால், கடைசித் தேதிக்கு ஒரு வாரம் இருக்கும்போதே, இரண்டு வாரம் கூடுதலாக வேண்டும் என்று கைடு எடிட்டருக்கு எழுதட்டும். காரணத்தை ஒரு வரியில் சொன்னால் போதும், இணை ஆசிரியர் பெயரை இழுக்க வேண்டாம். முன்கூட்டிக் கேட்டால் பெரும்பாலான எடிட்டர்கள் தருவார்கள். கடைசி நாள் இரவு கேட்பதில்தான் சிக்கல். அந்த மின்னஞ்சலை எடிட்டர் பார்ப்பதற்குள் தளம் மூடியிருக்கலாம்.

எவ்வளவு நெருக்கடி வந்தாலும் அவர் ஒப்புதல் இல்லாமல் அனுப்பிவிடாதீர்கள், அவர் பெயரை எடுத்துவிடலாம் என்றும் யோசிக்காதீர்கள். இறுதி வடிவத்தை எல்லா ஆசிரியர்களும் பார்த்து ஏற்றுக்கொண்டார்கள் என்று அனுப்பும்போது உறுதி கொடுக்கிறீர்கள், அந்த எண்கள் அவர் அளந்தவை. ரிவிஷன் வந்து சேர்ந்ததும் எல்லா ஆசிரியர்களுக்கும் தானாகவே மின்னஞ்சல் போடும் ஜர்னல்களும் உண்டு. தான் பார்க்காத கட்டுரை போய்விட்டது என்று அந்த மின்னஞ்சலைப் பார்த்துத்தான் அவருக்குத் தெரிய வேண்டுமா?

இன்று இரவு தாளைத் தொடங்குங்கள். கருவி விவரங்கள் கேட்கும் மின்னஞ்சல் அதற்கும் முன்னால் போகட்டும்.