முதலாளி நல்லவர், ஆனால் சம்பளம் வரவில்லை

சிறிய அலுவலகம் ஒன்றில் இரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். 5-ஆம் தேதிக்குள் சம்பளம் என்று நியமனக் கடிதத்தில் இருக்கிறது. போன முறை 14-ஆம் தேதிதான் வந்தது. இந்த முறை 17 ஆகியும் வரவில்லை. முதலாளி நல்லவர், என்னைத் தங்கை மாதிரி நடத்துகிறார். கேட்டுவிடலாம் என்று அவர் அறைக்குள் போவேன். வேறு ஏதோ ஃபைலைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பிவிடுவேன். வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லிக் கேட்கலாமா?

*

அன்புச் சகோதரி,

கஷ்டத்தைச் சொல்லாதீர்கள். சொன்ன அந்த நிமிடமே சம்பளம் உதவியாக மாறிவிடும். அவர் இரக்கப்பட்டு, "இப்போதைக்கு இதை வைத்துச் சமாளிம்மா" என்று கொஞ்சம் தருவார். நீங்கள் நன்றி சொல்லி வாங்கிக்கொள்வீர்கள். அப்புறம் மீதியைக் கேட்க வாயே வராது. செய்து முடித்த வேலைக்குக் காசு கேட்கக் காரணம் எதற்கு? தேதி போதும்.

நேரில் பேச்சு வராதவர்கள் எழுதிக் கேட்பது நல்லது. நியமனக் கடிதத்தை எடுத்து, அந்த வரியில் இருப்பதை அப்படியே மெயிலில் எழுதுங்கள்:

"வணக்கம் சார். என் நியமனக் கடிதத்தில் 'சம்பளம் ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதிக்குள் வழங்கப்படும்' என்று உள்ளது. சென்ற மாதச் சம்பளம் இன்று 17-ஆம் தேதி வரை என் கணக்கில் வரவு வைக்கப்படவில்லை. எந்தத் தேதியில் கிடைக்கும் என்பதை நாளை மாலைக்குள் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்."

இதற்கு மேல் ஒரு வரியும் வேண்டாம். "தொந்தரவுக்கு மன்னிக்கவும்" என்று தொடங்கக் கை துடிக்கும். தப்பு செய்தவர்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும், நீங்கள் என்ன தப்பு செய்தீர்கள்? "முடிந்தால்" என்ற சொல்லையும் எடுத்துவிடுங்கள். அது தள்ளிப்போட நீங்களே கொடுக்கும் அனுமதி.

மெயிலைப் பார்த்ததும் அவர் கூப்பிட்டு, "வந்துடும்மா, கொஞ்சம் பொறு" என்பார். உங்களுக்கு உடனே "சரி சார்" என்று வந்துவிடும். அதோடு இன்னொரு வாக்கியம் சேருங்கள்: "சரி சார், எந்தத் தேதின்னு சொல்லுங்க." சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். அந்த அரை நிமிட அமைதி உங்களுக்குத்தான் கஷ்டமாக இருக்கும். அதைத் தாங்க முடியாமல் "பரவாயில்லை சார்" என்று நீங்களே நிரப்பிவிடக் கூடாது. இதைக் கண்ணாடி முன்னால் நாலு முறை சொல்லிப் பழகுங்கள்.

அவர் 20-ஆம் தேதி என்றால், இருக்கைக்கு வந்ததும் அதே மெயிலின் கீழ், "நீங்கள் சொன்னபடி 20-ஆம் தேதி எதிர்பார்க்கிறேன்" என்று போடுங்கள். நிஜமாகவே கையில் பணம் இல்லை என்று சொன்னால், எவ்வளவு, எந்தெந்தத் தேதியில் என்று பிரித்துக் கேட்டு அதையும் எழுதிவிடுங்கள். நல்ல மனிதர் இதற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அவர் சொன்ன தேதியும் தவறினால், இன்னும் ஒரே ஒரு முறை, இரண்டு தேதிகளையும் குறிப்பிட்டு எழுதுங்கள். அப்போதும் பதில் இல்லையா? நியமனக் கடிதம், வங்கிக் கணக்கு விவரம், இந்த மெயில்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு தொழிலாளர் துறை அலுவலகத்தில் போய் விசாரியுங்கள்.