சுவரில் ஒழுகும் பர்கண்டி

"பாகாவ்ல சின்ன சலூன் வச்சிருக்கேன். தீபாவளிக்காக முடிக் கலர் காட்டுற ஆப் போட்டேன். பர்கண்டி வச்சா பின்னால சுவர்லயும் ரோஸ் ஒழுகுது, ஓரமெல்லாம் துடிக்குது. டேப்லெட்டை மாத்தணுமா?"

மாத்த வேண்டாங்க. ஒழுகலுக்குக் காரணம் வேறு, துடிப்புக்குக் காரணம் வேறு. புது டேப்லெட் வாங்கினாலும் இரண்டும் கூடவே வரும்.

ஒழுகலை முதலில் பார்ப்போம். படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் "இது முடிதானா" என்று 0 முதல் 1 வரை ஒரு எண் போடுவதுதான் ஆப்பின் வேலை. அந்த எண்களின் தொகுப்பை மாஸ்க் என்பார்கள். வேகத்துக்காக அதைச் சின்னதாக வைத்திருப்பார்கள். உதாரணத்துக்கு, கூகுளின் மீடியாபைப் என்ற மென்பொருள் தொகுப்பில் முடி, முகம், உடை எல்லாவற்றையும் பிரிக்கிற மாடல் 256×256 அளவில் வேலை செய்கிறது. உங்கள் திரையில் படம் 1080×1920 என்றால், மாஸ்கின் ஒரு கட்டம் அகலத்தில் 4 புள்ளியையும் உயரத்தில் 7 புள்ளிக்கு மேலேயும் மூடிவிடும். காதோரச் சுருளை இந்தக் கட்டத்தால் வெட்டுவது, பாராங்கால் நூல் நறுக்குகிற மாதிரி.

மாஸ்கைப் பெரிதாக்கினாலும் சிக்கல் தீராது. முகம் திரையில் 500 புள்ளி அகலம் இருந்தால் ஒரு புள்ளி ஏறக்குறைய 0.3 மில்லிமீட்டர். ஒரு முடியின் தடிமன் பெரும்பாலும் 0.1 மில்லிமீட்டருக்கும் கீழே. அதனால் ஓரத்தில் இருக்கிற புள்ளியில் முடியும் சுவரும் கலந்தே இருக்கும். கால் பங்கு முடி, முக்கால் பங்கு சுவர் என்று வையுங்கள். மாஸ்க் அதற்கு 0.6 போட்டால் சுவரின் பங்குக்கும் சேர்த்துச் சாயம் ஏறிவிடும்.

அது ஏன் அவ்வளவு பளிச்சென்று தெரிகிறது? சாயம் தெரிய வெளிச்சம் வேண்டும். கறுப்பு முடியின் பிரகாசம் 255-க்கு 25 இருக்கும், வெள்ளைச் சுவர் 220 இருக்கும். ஒரே பர்கண்டி முடியில் மங்கிப் போகும், சுவரில் ரோஸ் ரோஸாகக் கத்தும். பொன்னிறம் வைத்தால் இன்னும் மோசம். கறுப்பைப் பொன்னாக்க ஆப் வெளிச்சத்தையே தூக்குகிறது, கூடவே ஓரத்துச் சுவரும் தூக்கப்பட்டுத் தலையைச் சுற்றி ஒளிவட்டம் வந்துவிடும்.

சரி, சுவரைக் கறுப்பாக்கலாமா? கூடாது. கறுப்பு முடிக்கும் கருமரக் கதவுக்கும் நடுவே மாடலுக்கு எல்லையே தெரியாது. நடுத்தர நீலமோ சாம்பலோ, பூ வேலைப்பாடு இல்லாத துணியை நாற்காலிக்குப் பின்னால் 1 மீட்டர் தள்ளிக் கட்டுங்கள். வாசல் வெயில் பின்னால் வரும்படி யாரையும் உட்கார வைக்காதீர்கள், மெல்லிய முடியெல்லாம் வெளிச்சத்தில் கரைந்துபோகும். மல்லிகைச் சரத்தைக் கழற்றச் சொல்லுங்கள். மாடலுக்குப் பூ முடியில்லை, அந்த இடம் ஓட்டையாக நிற்கும். எண்ணெய்ப் பளபளப்பும் சில சமயம் அதே வேலையைச் செய்யும்.

இனி துடிப்பு. ஒவ்வொரு ஃபிரேமையும் தனித்தனியாகப் பார்த்து 0.5-க்கு மேல் முடி, கீழே சுவர் என்று வெட்டினால், இந்த ஃபிரேமில் 0.49 இருந்த புள்ளி அடுத்ததில் 0.52 ஆகும். தலை அசையாமலே ஓரம் கொதிக்கும். மங்கலான கடையில் கேமரா இரைச்சல் கூடுவதால் கொதிப்பும் கூடும். இதை அடக்கப் பழைய மாஸ்கையும் கலப்பார்கள்:

```
mask = 0.3 * new + 0.7 * old
```

இதில் 3 ஃபிரேம் கழிந்தும் பழைய மாஸ்க் 34% மிச்சம் இருக்கும். தலையைத் திருப்பினால் சாயம் ஒரு கணம் பின்னாலேயே நின்று பிறகு ஓடி வருகிறதே, அதற்கு இதுதான் காரணம். பழையதன் பங்கைக் குறைத்தால் இந்தப் பின்தங்கல் போகும், கொதிப்பு திரும்பும். இரண்டும் ஒரே திருகாணியின் இரு பக்கம்.

கண்டுபிடிக்கச் சுலபமான வழி: டேப்லெட்டை ஸ்டாண்டில் வையுங்கள், வாடிக்கையாளரை ஆடாமல் உட்காரச் சொல்லுங்கள். அப்போதும் ஓரம் கொதித்தால் வெளிச்சம் போதவில்லை, முன்பக்கம் ஒரு விளக்கு போடுங்கள். அசைந்தால் மட்டும் சாயம் பின்தங்கினால் ஆப்பின் கலவை, உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. படம் முழுக்கப் பட்டை பட்டையாக ஊர்ந்தால் டியூப் லைட். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பழைய சோக் டியூப் நொடிக்கு 100 தடவை மின்னும். கேமரா செட்டிங்கில் ஆன்டி-ஃபிளிக்கர் 60-இல் இருந்தால் 50-க்கு மாற்றுங்கள்.

"இப்போதுதான் முடியிழை வரை நுணுக்கமாகப் பிரிக்கிற வீடியோ மேட்டிங் வந்துவிட்டதே" என்று யாராவது கீழே கமெண்ட்டில் வந்து சொல்வார்கள். வந்துவிட்டது, மறுக்கவில்லை. மலிவு டேப்லெட்டில் நொடிக்கு 30 ஃபிரேம் ஓட்டிக் காட்டட்டும், பிறகு பேசலாம். விற்க வருகிறவர்கள் குட்டை முடிக்காரரை நல்ல வெளிச்சத்தில் நிறுத்தி டெமோ காட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். நம் பெண்களின் இடுப்பு வரை தொங்கும் பின்னல், கறுப்பு ரவிக்கைமேல் விழும்போது என்ன ஆகும் என்று யாரும் காட்டுவதில்லை. அந்த மாதிரி வாடிக்கையாளர் வந்தால் நேரலையை விட்டுவிட்டு, ரவிக்கைமேல் நடுத்தர நீலத்திலோ சாம்பலிலோ ஒரு துண்டைப் போர்த்தி, பின்னலை அதன்மேல் முன்னால் போட்டு, ஒரே ஒரு போட்டோ எடுத்து அதில் கலர் காட்டுங்கள். நின்ற படத்தில் துடிப்பு என்ற பேச்சே இல்லை.