கரைவலை வீடியோவைக் கலங்காமல் அனுப்ப

கேள்வி: தனுஷ்கோடியில் கரைவலை இழுப்பதை ஐந்து நிமிடம் வீடியோ எடுத்தேன். குவைத்தில் இருக்கும் அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கடலெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிகிறது என்கிறான். சத்தத்தை எடுத்துவிட்டு அனுப்பினால் சரியாகுமா? ஸ்டேட்டஸில் ஏன் முழுதாக வைக்க முடியவில்லை, எல்லாரும் துண்டு துண்டாக வைக்கிறார்களே?

நான் பாம்பன்காரன். அக்கா வீட்டுக்காரர் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். ஊர்க் கடலைக் காட்டச் சொல்லி அவர் கேட்டுக்கொண்டே இருப்பார், நானும் அனுப்பிக்கொண்டே இருப்பேன். அதனால் இந்தத் தொல்லை எனக்கு நன்றாகத் தெரியும்.

முதலில் சத்தம். சத்தத்தை எடுத்தால் வீடியோ சின்னதாகும் என்று பலரும் நினைக்கிறார்கள். கிட்டத்தட்ட ஒன்றும் குறையாது. போனில் சாதாரணமாக 1080 தரத்தில் எடுக்கும் வீடியோ நிமிடத்துக்கு 130 எம்.பி. வரை வரும். அதில் ஒலி மட்டும் ஓரிரு எம்.பி. இருந்தால் அதிகம், மற்றதெல்லாம் படம்தான். ஆகவே கேட்க முடியாததாக இருந்தாலோ, மற்றவர் கேட்கக் கூடாத பேச்சு இருந்தாலோ மட்டும் சத்தத்தை நிறுத்துங்கள். தனுஷ்கோடிக் காற்று மைக்கில் அடித்தால் இரைச்சல் தவிர வேறு எதுவும் பதியாது. அப்போது தாராளமாக நிறுத்தலாம். ஆனால் வலை இழுப்பவர்கள் பாடும் அம்பாப் பாட்டு கொஞ்சமாவது கேட்கிறது என்றால் தயவுசெய்து அதை எடுத்துவிடாதீர்கள். அண்ணனுக்கு மீனை விட அதுதான் பெரிதாக இருக்கும்.

அளவைக் குறைப்பது வெட்டுவதுதான். உங்கள் ஐந்து நிமிடம் சுமார் 640 எம்.பி. இருக்கும். கரைவலையில் கயிறு இழுக்கும் நேரம்தான் அதிகம், பார்க்க வேண்டிய இடம் மீன் சேர்ந்திருக்கும் வலைப்பையான மடி கரையேறும் நேரம். மடி தண்ணீரில் தெரிய ஆரம்பிப்பது 3:10இல், மீனைக் கொட்டி முடிப்பது 4:40இல் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒன்றரை நிமிடம் மட்டும் என்றால் 190 எம்.பி. தரம் துளிகூடக் குறையாமல் முக்கால்வாசி போய்விட்டது.

இனி சுருக்குவது. வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது நாம் கேட்காமலே இது நடந்துவிடும். யூடியூப் போன்ற தளங்களில் நம் வீடியோவை அவர்களுடைய சர்வரே பல தரங்களில் மாற்றி வைத்துக்கொண்டு, பார்ப்பவரின் நெட் வேகத்துக்கு ஏற்றதைக் கொடுக்கும். வாட்ஸ்அப்பில் போவது பூட்டிய பொட்டலம் மாதிரி, நடுவில் இருக்கும் சர்வரால் அதைத் திறந்து பார்க்க முடியாது. ஆகவே சுருக்குகிற வேலை முழுவதையும் நம் போனே அனுப்புவதற்கு முன்னால் செய்துவிட வேண்டும். சாதாரணத் தரத்தில் படத்தின் உயரம் 1080 புள்ளியிலிருந்து சுமார் 480க்கு வந்துவிடும். மொத்தப் புள்ளிகளைக் கணக்கிட்டால் ஐந்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். வலைக்கண் போன்ற நுணுக்கமெல்லாம் அதில் மெழுகிப் போகும்.

கடல் மட்டும் ஏன் கட்டம் கட்டமாக வருகிறது? வீடியோ ஒவ்வொரு படத்தையும் முழுதாகச் சேமிப்பதில்லை. அவ்வப்போது ஒரு முழுப்படம், அதற்கு நடுவில் முந்தைய படத்திலிருந்து என்ன மாறியது என்கிற குறிப்பு மட்டும், இப்படித்தான் சேமிக்கிறது. மணலும் வானமும் அசையாது, குறிப்பு மிகக் கொஞ்சம் போதும். அலையும் நுரையும் வெயிலில் மின்னுகிற தண்ணீரும் ஒவ்வொரு படத்திலும் முழுக்க மாறுகின்றன. ஒரு நொடிக்கு இவ்வளவுதான் என்று அளந்து கொடுத்த இடத்தில் அத்தனை மாற்றத்தையும் எழுத முடியாமல், பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளை ஒரே கட்டமாகச் சேர்த்துவிடுகிறது. கை ஆடினால் இன்னும் மோசம், அப்போது அசையாத மணலும் மாறுவதாகத்தான் அதற்குத் தெரியும். அடுத்த முறை எடுக்கும்போது முழங்கையை உடம்போடு ஒட்டிப் பிடித்து, கடலைக் குறைத்து, மடியையும் ஆட்களையும் நெருங்கி எடுத்துப் பாருங்கள். வித்தியாசம் உடனே தெரியும்.

சரி, இப்போது இந்த வீடியோவுக்கு வருவோம். வாட்ஸ்அப்பில் அண்ணன் பெயரைத் திறந்து வீடியோவைத் தேர்ந்தெடுத்ததும் மேலே படங்கள் வரிசையாக ஒரு பட்டை வரும். இடது முனையை 3:10க்கும் வலது முனையை 4:40க்கும் இழுங்கள். இழுக்க இழுக்க நீளமும் அளவும் மாறுவது அங்கேயே தெரியும். ஸ்பீக்கர் படத்தைத் தொட்டால் சத்தம் நின்றுவிடும். HD என்று இருப்பதைத் தொட்டு அந்தத் தரத்தையே தேர்ந்தெடுங்கள், உயரம் 480க்குப் பதில் 720 கிடைக்கும். கடலுக்கு இது அவசியம். இதையெல்லாம் செய்தாலும் கேலரியில் உள்ள மூல வீடியோ அப்படியே இருக்கும், பயப்பட வேண்டாம்.

எடுத்தது எடுத்தபடியே அண்ணனுக்கு வேண்டும் என்றால் கேலரியிலேயே வெட்டித் தனி நகலாகச் சேமித்து, அதை டாக்குமெண்டாக அனுப்புங்கள். அப்படி அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்காது, 2 ஜி.பி. வரை ஏற்றுக்கொள்ளும். ஆனால் 190 எம்.பி. முழுவதும் ஏறியாக வேண்டும். தனுஷ்கோடி மணலில் நின்றுகொண்டு முயற்சி செய்யாதீர்கள், ராமேஸ்வரம் வந்து அனுப்புங்கள்.

செய்யக் கூடாதது ஒன்று உண்டு. ஏதோ ஒரு ஆப்பில் முதலில் சுருக்கிவிட்டு, பிறகு வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்புவது. அது மறுபடியும் சுருக்கும். முதல் சுருக்கலில் வந்த கட்டங்களையும் படத்தின் பகுதி என்று எண்ணி அவற்றைக் காப்பாற்ற இடத்தைச் செலவழிக்கும், தண்ணீர் இன்னும் கெடும். அண்ணன் உங்களிடமிருந்து வந்த வீடியோவைத் தன் ஸ்டேட்டஸில் புதிதாக ஏற்றினாலும் இதே கதைதான்.

ஸ்டேட்டஸ் விஷயத்தில் ஒரு துண்டுக்கு நீள வரம்பு இருக்கிறது. பல வருடம் 30 நொடியாக இருந்தது, 2024இல் ஒரு நிமிடம் ஆனது. உங்கள் போனில் எவ்வளவு என்பது, பட்டையின் முனை அதற்கு மேல் நகராத இடத்தில் தெரிந்துவிடும். ஒருவருக்கு அனுப்புவது ஒருவரோடு முடியும். ஸ்டேட்டஸ் அப்படியில்லை, நம் எண்ணை வைத்திருக்கும் எத்தனையோ பேருடைய போனுக்கு அந்த 24 மணி நேரத்துக்குள் இறங்க வேண்டும். துண்டு சின்னதாக இருந்தால் தொட்டவுடன் ஓடும், பார்க்காமல் தள்ளிவிடுகிறவருக்கும் டேட்டா அதிகம் போகாது. சர்வர் சுமையும் இதில் உண்டு. 2020 ஊரடங்கில் எல்லாரும் வீட்டில் அடைந்து கிடந்தபோது இந்தியாவில் இந்த வரம்பைக் கொஞ்ச காலம் 15 நொடியாகவே குறைத்திருந்தார்கள்.

இதற்கென்று இருக்கும் வெட்டும் ஆப்களை நான் சொல்ல மாட்டேன். கடிகாரத்தைப் பார்த்துச் சரியாக 30 நொடியில் வெட்டும், ஆள் பேசிக்கொண்டிருக்கும்போது சொல்லின் நடுவில் அறுந்துபோகும். முன்பு சொன்ன முழுப்படம் இல்லாத இடத்தில் வெட்டு விழுந்தால் சில ஆப்களில் அடுத்த துண்டு தொடங்கும்போது படம் உறைந்தும் நிற்கும். நீங்களே வெட்டுங்கள். 3:10 முதல் 3:50 வரை மடி கரையை நெருங்குவது ஒரு துண்டு, 3:50 முதல் 4:40 வரை மடியை அவிழ்த்துக் கொட்டுவது இன்னொன்று. இரண்டையும் மூல வீடியோவிலிருந்தே எடுங்கள். முன்னால் ஏற்றியதுதான் முன்னால் ஓடும், ஆகவே முதல் துண்டு ஏறி முடிந்தபிறகு இரண்டாவதைப் போடுங்கள். நெட் மெதுவாக இருக்கும்போது இரண்டையும் ஒன்றாகத் தள்ளிவிட்டால் மீன் கொட்டியதற்கு அப்புறம் மடி கரையேறும்.