கண்ணாடி காட்டுவதெல்லாம் சமச்சீரா?

கேள்வி: தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் நான்காம் வகுப்பு எடுக்கிறேன். பட்டாம்பூச்சியில் பிள்ளைகள் சமச்சீர்க் கோட்டைச் சரியாகப் போட்டுவிடுகிறார்கள். ஆங்கிலப் பெரிய எழுத்துகளுக்கு வந்ததும் என், எஸ், இசட் எல்லாவற்றுக்கும் நடுவில் கோடு போடுகிறார்கள். கண்ணாடியை வைத்துக் காட்டினாலும் "சரியாத்தானே சார் வருது" என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: பிள்ளைகள் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. கண்ணாடியை எந்தப் படத்தின் மேல் எப்படி நிறுத்தினாலும், பாதிப் படமும் அதன் பிம்பமும் சேர்ந்து சமச்சீராகத்தான் தெரியும். மையைத் தெளித்து மடித்து எடுக்கும் பட்டாம்பூச்சியும் அப்படியே. மடிப்பே அந்த உருவத்தை உண்டாக்குவதால் அது தப்பவே தப்பாது. அதுவரை பிள்ளைகள் சமச்சீரை உருவாக்கித்தான் பழகியிருக்கிறார்கள். எழுத்துக்கு வரும்போது வேலை மாறுகிறது: ஏற்கெனவே இருக்கும் உருவத்தைச் சோதிக்க வேண்டும். இந்த மாற்றத்துக்கு ஒரு வகுப்பு ஒதுக்குங்கள்.

அந்த வகுப்புக்கு மாவிலை போதும். உங்கள் மாவட்டத்தில் அதற்குப் பஞ்சமில்லை. நடுநரம்பில் மடித்து வெளிச்சத்தில் பிடித்தால் ஓரங்கள் கொஞ்சம் விலகும், கிளை நரம்புகளும் ஒன்றன்மேல் ஒன்று விழாது. பார்வைக்குச் சமமாக இருப்பது மடித்தால் பொருந்தாமல் போகலாம் என்பதைக் கையால் உணர்ந்த பிறகு எழுத்தை எடுங்கள்.

எழுத்துகளைக் கட்டம் போட்ட கணக்கு நோட்டுத் தாளில் வரையச் சொல்லுங்கள். 12 செ.மீ. உயரம், 2 செ.மீ. தடிமன் இருந்தால் வெட்டுவது எளிது. சார்ட் தாள் வேண்டாம்; மடிப்பு தடித்துப்போய் ஓரங்கள் விலகும், சரியான எழுத்துகூடத் தப்பாகத் தெரியும். கட்டமில்லாமல் கையால் எழுதிய எழுத்திலும் இதே தொல்லைதான்.

முதலில் ஏ, எம், வி. இவை பட்டாம்பூச்சி போலவே நெட்டுக்கோட்டில் மடியும். அடுத்து சி, கே. இவற்றுக்குக் கோடு படுக்கையாக வரும். பட்டாம்பூச்சியை நிமிர்த்தியே பார்த்துப் பழகிய பிள்ளைகள் நெட்டுக்கோட்டை மட்டும் தேடிவிட்டு "இல்லை" என்பார்கள். எழுத்தைப் பக்கவாட்டில் திருப்பிப் பார்க்கச் சொன்னால் கண்டுபிடித்துவிடுவார்கள். எச் எழுத்தில் இரண்டு கோடுகளும் உண்டு.

இப்போது என். வெட்டிய எழுத்தை நெட்டுவாக்கில் நடுவில் மடித்தால் இரண்டு தூண்களும் கச்சிதமாகப் பொருந்தும். பிள்ளைகளை ஏமாற்றுவது இதுதான். சாய்வுக் கோட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்: ஒரு பாதி மேல் மூலையிலிருந்து நடுவுக்கு இறங்கும், மடித்து வந்த பாதி கீழ் மூலையிலிருந்து நடுவுக்கு ஏறும். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படியவில்லை.

அதே எழுத்தின் நடுவில் கண்ணாடியை வையுங்கள். இடது பாதியைப் பார்த்து வைத்தால் தெரிவது என் அல்ல, பள்ளம் குறைந்த எம். வலது பாதியைப் பார்த்து வைத்தால் அதே எம் தலைகீழாக நிற்கும். ஆகவே "கண்ணாடியில் அழகாக வருகிறதா?" என்று கேட்காதீர்கள். "கண்ணாடிக்குப் பின்னால் மறைந்திருக்கும் பாதியும் பிம்பமும் ஒன்றா?" என்று கேளுங்கள். கண்ணாடியைத் தூக்கி, மறுபடி வைத்து, இரண்டு மூன்று முறை ஒப்பிடட்டும். எஸ், இசட் இரண்டுக்கும் இதே சோதனை செல்லும்.

என் எழுத்தில் இரண்டு பாதியும் ஒரே அளவு, ஒரே வடிவம்தானே என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். கேட்க வேண்டிய கேள்வி. எழுத்தின் நடுவில் குண்டூசி குத்தி அரைச் சுற்று சுற்றிக் காட்டுங்கள். அதே எழுத்தாக வந்து நிற்கும். அது சுழல் சமச்சீர், மேல் வகுப்பில் வரும். இப்போதைக்கு, திருப்பினால் பொருந்துவது வேறு, மடித்தால் பொருந்துவது வேறு என்று தெரிந்தால் போதும்.

கண்ணாடி பற்றி ஒரு விஷயம். பிரேம் போடும் கடையில் மிச்சமாகும் முகக் கண்ணாடித் துண்டு போதும். ஓரங்களில் டேப் ஒட்டிவிடுங்கள். ரசப் பூச்சு பின்பக்கம் இருப்பதால், முன் விளிம்பைக் கோட்டில் வைத்தால் படத்துக்கும் பிம்பத்துக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி தெரியும். பின் விளிம்பைக் கோட்டில் வையுங்கள். கண்ணாடி சாய்ந்தால் பிம்பமும் சாய்ந்துவிடும். தீப்பெட்டியைப் பின்னால் ஒட்டினால் நேராக நிற்கும்.

கடைசியாகத் தமிழ் எழுத்துகளைக் கொடுங்கள். கட்டத்தில் வரைந்த ப நெட்டுக்கோட்டில் மடியும். ட எழுத்தின் நிமிர்ந்த கோட்டையும் படுத்த கோட்டையும் ஒரே நீளத்தில் வரைந்தால் மூலைவாட்டில் மடியும். ஒன்று நீண்டால் எந்தக் கோடும் இல்லை. ஃ எழுத்தின் மூன்று புள்ளிகளையும் சம இடைவெளியில் வைத்தால் மூன்று கோடுகள் கிடைக்கும். மேல் புள்ளியைக் கொஞ்சம் உயர்த்தினால் எத்தனை மிஞ்சும் என்று அவர்களே மடித்துப் பார்க்கட்டும்.