கேமரா கடிகாரம் தப்பாக இருந்த கல்யாணப் படங்களை நேர வரிசையில் அடுக்குவது எப்படி?

கேள்வி: வீட்டுக் கல்யாணப் படங்கள் மூன்று நான்கு கேமராவில் இருந்து வந்திருக்கின்றன. ஒன்றில் தேதி 2008 என்று காட்டுகிறது, ஒன்றில் மணி தப்பு, வாட்ஸ்அப்பில் வந்ததற்குத் தேதியே இல்லை. எல்லாவற்றையும் எடுத்த வரிசையில் அடுக்க வழி உண்டா?

பதில்:

உண்டு. ஆனால் படம் படமாகத் திறந்து தேதியைத் திருத்த உட்காராதீர்கள். ஒரு கேமராவின் கடிகாரம் தப்பாக இருந்தால், அதில் எடுத்த எல்லாப் படங்களும் ஒரே அளவுதான் தப்பியிருக்கும். அந்த அளவை ஒரு படத்தில் கண்டுபிடித்தால் போதும், மிச்சம் ஒரே கட்டளையில் நகர்ந்துவிடும். அதனால் முதல் வேலை, எல்லாவற்றையும் ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டு, கேமராவுக்கு ஒரு ஃபோல்டர் என்று பிரிப்பது. கலந்து கிடக்கிற படங்களை நகர்த்தினால் சரியாக இருந்ததும் கெட்டுப்போகும்.

எங்கள் வீட்டில் 2013 ஆவணியில் தக்கலையில் நடந்த கல்யாணத்தையே வைத்துச் சொல்கிறேன். தம்பியின் போன், துபாயில் இருந்து வந்த மச்சானின் கேமரா, மைனி வைத்திருந்த பழைய சின்ன கேமரா என்று மூன்று. இதற்கு நான் பயன்படுத்தியது எக்ஸிஃப்டூல் என்ற இலவசக் கருவி. கறுப்புத் திரையில் கட்டளை தட்ட வேண்டும் என்பதால் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள், ஆனால் இந்த வேலைக்கு இதைவிட நம்பகமானது எனக்குத் தெரிந்து இல்லை.

விண்டோஸில் காட்டும் "மாற்றிய தேதி", "உருவாக்கிய தேதி" இரண்டையும் மறந்துவிடுங்கள். அவை கோப்பின் தேதிகள். பென் டிரைவில் இருந்து நகலெடுத்த அன்றைக்கு "உருவாக்கிய தேதி" மாறிவிடும், படத்தைத் திருப்பிச் சேமித்தால் "மாற்றிய தேதி" மாறும். நமக்கு வேண்டியது கேமரா படத்துக்குள்ளேயே எக்ஸிஃப் என்ற குறிப்பில் எழுதி வைக்கும் `DateTimeOriginal`. அதை வரிசையாகப் பார்க்க:

```
exiftool -T -FileName -Model -DateTimeOriginal -fileOrder FileName machan
```

கடைசியில் இருக்கும் `machan` என்பது ஃபோல்டரின் பெயர்.

அடுத்து, நம்பக்கூடிய கடிகாரம் ஒன்று வேண்டும். பெரும்பாலும் அது போன்தான், ஆனால் அதையும் சோதித்துவிட்டுத்தான் நம்ப வேண்டும். இருப்பிடம் பதிவாகியிருக்கும் படங்களில் `GPSTimeStamp` என்று இன்னொரு நேரம் இருக்கும். அது செயற்கைக்கோளில் இருந்து வந்த உலகப் பொது நேரம். அதோடு ஐந்தரை மணி நேரம் கூட்டினால் நம் நேரம். தம்பியின் போன் படத்தில் 10:46:30 என்றும் அந்த இடத்தில் 05:16:30 என்றும் இருந்தது. கணக்கு ஒத்துப்போகிறது, போன் சரி. போன் சில நேரம் பழைய ஜிபிஎஸ் நேரத்தையே பிடித்து வைத்துக்கொண்டு எழுதும், அதனால் நாலைந்து படங்களிலாவது பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி, ஒரே கணத்தை இரண்டு கேமராவும் பிடித்த படங்களைத் தேட வேண்டும். தாலி கட்டுவதுதான் முதலில் தோன்றும், ஆனால் மூன்று முடிச்சும் போட்டு முடிக்க அரை நிமிஷம், ஒரு நிமிஷம் ஆகிவிடும். அதைவிட அட்சதை காற்றில் பறக்கிற படம் நல்லது. இரண்டு விநாடிக்கு மேல் அது இருக்காது. அந்தக் கணம் போனில் 10:46:30. மச்சானின் கேமராவில் 09:13:45. வித்தியாசம் 1 மணி 32 நிமிடம் 45 விநாடி.

துபாய் நேரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். வளைகுடாவில் இருந்து ஊருக்கு வருகிறவர்கள் கைக்கடிகாரத்தை மாற்றுவார்கள், கேமராவை யார் மாற்றப் போகிறார்கள்? நம் குமரி மாவட்டத்துக் கல்யாண ஆல்பங்களில் பாதிக் குழப்பம் இதுதான் என்பேன். ஆனால் "துபாய்தானே, ஒன்றரை மணி நேரம் கூட்டு" என்று விட்டிருந்தால் 2 நிமிடம் 45 விநாடி பிசகியிருக்கும். கேமரா கடிகாரம் மாதக்கணக்கில் மெல்ல மெல்ல விலகிக்கொண்டே போகும், அந்த விலகல்தான் இது. கல்யாண மேடையில் மூன்று நிமிடம் என்பது அட்சதைக்கு முன்னால் தாலியா, பின்னால் தாலியா என்று வரிசையே மாறுகிற அளவு. ஆகவே அளந்த வித்தியாசத்தையே போடுங்கள்:

```
exiftool "-AllDates+=1:32:45" machan
```

இந்தக் கட்டளையை இரண்டு தரம் தட்டினால் இரண்டு தரமும் கூட்டிவிடும். அப்படி ஆகிவிட்டால் பயம் வேண்டாம், ஒவ்வொரு படத்தின் பழைய நகலும் `_original` என்ற வாலோடு அதே ஃபோல்டரில் இருக்கும். `exiftool -restore_original machan` என்று கொடுத்தால் பழையபடி வந்துவிடும்.

கட்டளை கொடுப்பதற்கு முன் இன்னொரு ஜோடிப் படம், சாயங்கால ரிசப்ஷனில் இருந்து, எடுத்து அளந்து பாருங்கள். காலை வித்தியாசமும் மாலை வித்தியாசமும் ஒன்றாக இருந்தால் நிம்மதி. வேறாக இருந்தால் நடுவில் யாரோ கேமராவின் நேரத்தைத் திருத்தியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த இடத்தைக் கண்டுபிடித்து ஃபோல்டரை இரண்டாக வெட்ட வேண்டும். சரியாக 12 மணி நேரம் தப்பியிருந்தால் அது காலை மாலையை மாற்றி வைத்த கேமரா. முகூர்த்தம் இரவு பத்தே முக்காலுக்கு என்று காட்டும்.

சரிபார்க்க நமக்கு மட்டும் ஒரு வசதி இருக்கிறது. கல்யாணத்துக்கு வந்த விருந்தாளிகளை மறுநாள் விடியற்காலையில் கன்னியாகுமரிக்குக் கூட்டிப்போகாத வீடு உண்டா? நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில், ஏறக்குறைய 8 டிகிரியில் இருப்பதால், வருஷம் முழுவதும் சூரிய உதயம் சுமார் 6 மணியில் இருந்து 6.40க்குள் முடிந்துவிடும். டெல்லி மாதிரி ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆடாது. எனவே எந்த மாதம் என்று தெரியாவிட்டாலும் உதயப் படம் ஒரு கடிகாரம் மாதிரி. செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் அங்கே உதயம் ஏறக்குறைய 6.10. மச்சானின் உதயப் படங்கள் திருத்துமுன் நாலே முக்காலைத் தொட்டுக்கொண்டு நின்றன, திருத்தியபின் 6.15க்கு மேல் வந்தன. கிழக்கே அடிவானத்தில் மேகம் நின்றால் சூரியன் தெரிய பத்து நிமிடம் வரை பிந்தலாம், அதனால் இதை விநாடி அளக்கப் பயன்படுத்தாதீர்கள். பெரிய தப்பு இருக்கிறதா என்று பார்க்க மட்டும்.

மைனியின் கேமராதான் உண்மையில் வேலை வாங்கியது. பேட்டரியை ரொம்ப நாள் கழற்றி வைத்தாலோ, உள்ளே கடிகாரத்தைத் தாங்கும் குட்டி பேட்டரி சோர்ந்துபோனாலோ, இந்த மாதிரிக் கேமரா தேதியை ஆரம்பத்துக்குத் தள்ளிவிடும். இந்தக் கேமராவுக்கு ஆரம்பம் 2008 ஜனவரி 1, நள்ளிரவு. அட்சதைக் கணம் அதில் 2008:01:01 03:12:10. உண்மையில் அது 2013:09:08 10:46:30. வித்தியாசத்தை வருஷம், மாதம் என்று சொல்லாமல் நாளாகச் சொல்வது நல்லது. மாதங்களின் நீளம் வேறுவேறு என்பதால், ஜனவரி கடைசியில் எடுத்த படமும் பிப்ரவரி முதலில் எடுத்த படமும் மாதக் கணக்கில் நகரும்போது நடுவில் நாள் உதைக்கும். இரண்டு லீப் வருஷங்களையும் சேர்த்து எண்ணினால் 2077 நாள், 7 மணி 34 நிமிடம் 20 விநாடி:

```
exiftool "-AllDates+=0:0:2077 7:34:20" maini1
```

ஃபோல்டர் பெயரில் ஏன் 1 என்றால், மத்தியானம் பேட்டரி தீர்ந்து, சார்ஜ் போட்டு மறுபடி மாட்டியதும் கடிகாரம் திரும்பவும் 2008 ஜனவரி 1, நள்ளிரவில் இருந்தே ஓடத் தொடங்கியிருந்தது. தேதிப்படி அடுக்கினால் ரிசப்ஷன் படமும் மாப்பிள்ளை அழைப்புப் படமும் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்துவிடும். இங்கே காப்பாற்றுவது கோப்பின் எண். தேதி பின்னால் போனாலும் கேமரா எண்ணை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டேதான் போகும். முதலில் சொன்ன பட்டியலைப் பெயர் வரிசையில் போட்டு மேலிருந்து கீழே பாருங்கள். எண் ஏறிக்கொண்டே இருக்கும்போது நேரம் திடீரென்று கீழே விழுகிற வரி எதுவோ, அங்கேதான் பேட்டரி மாற்றியிருக்கிறார்கள். அதற்குக் கீழே உள்ளவை `maini2`. அந்தத் துண்டுக்குத் தனியாக ஒரு பொதுக் கணம் தேடி, தனியாக அளக்க வேண்டும். முதல் துண்டின் வித்தியாசம் இதற்குச் செல்லாது. எண் 9999ஐத் தாண்டினால் மறுபடி 0001க்கு வரும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

வீடியோக்களைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். போன் எடுக்கும் எம்பி4 கோப்புகளில் நேரம் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில்தான் பதிவாகும். ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டுவது கடிகாரத் தப்பு இல்லை.

தேதியே இல்லாதவற்றுக்கு வருவோம். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் உள்ளே இருக்கும் எடுத்த நேரம் போய்விடும். `IMG-20190412-WA0003.jpg` என்ற பெயரில் இருக்கும் தேதி, படம் உங்கள் போனுக்கு வந்து சேர்ந்த நாள், எடுத்த நாள் அல்ல. 2013 கல்யாணப் படத்தைச் சித்தி 2019இல் குடும்பக் குரூப்பில் போட்டிருந்தால் பெயரில் 2019 என்றுதான் இருக்கும். கருவியைக் கொண்டு அந்தப் பெயரில் இருந்து தேதியை எடுத்து உள்ளே எழுதிவிடாதீர்கள், பொய் நிரந்தரமாகிவிடும். முதலில் சித்திக்குப் போன் போட்டு, அசல் இருந்தால் "டாக்குமெண்ட்" ஆக அனுப்பச் சொல்லுங்கள். அப்படி அனுப்பினால் எல்லா விவரமும் அப்படியே வரும். அசல் இல்லையென்றால், திருத்தி முடித்த மற்றப் படங்களோடு வைத்து ஒப்பிட்டு, யார் எங்கே நிற்கிறார்கள், மாலை மாற்றியாயிற்றா என்று பார்த்து, இரண்டு படங்களுக்கு நடுவே ஒரு நேரத்தைக் கையால் கொடுக்க வேண்டியதுதான்.

ஸ்கேன் செய்த பழைய பிரிண்டுகளில் எக்ஸிஃப் நேரம் இருந்தாலும் அது ஸ்கேன் செய்த நேரமாகத்தான் இருக்கும். இவற்றுக்கு முன் எல்லை, பின் எல்லை இரண்டையும் படத்திலேயே தேடுங்கள். கன்னியாகுமரி படத்தில் விவேகானந்தர் மண்டபம் இருந்து, பக்கத்துப் பாறையில் திருவள்ளுவர் சிலை எழும்பாமல் இருந்தால், அது 1970க்கும் சிலை திறந்த 2000 ஜனவரி 1க்கும் இடையில். இரண்டையும் இணைக்கும் கண்ணாடிப் பாலத்தில் ஆட்கள் நடந்துபோவது தெரிந்தால் 2024 டிசம்பர் கடைசிக்குப் பின். மீதியைக் குழந்தைகளின் வயதை வைத்துப் பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். நான் ஊகித்த தேதிகளுக்கு எல்லாம் நேரத்தை 00:00:00 என்றே கொடுப்பேன். பிறகு எவை அளந்தவை, எவை ஊகம் என்று ஒரே தேடலில் பிரித்துவிடலாம்.

எல்லா ஃபோல்டரும் சரியானபின், கோப்புப் பெயரையே எடுத்த நேரமாக மாற்றி, பிறகு எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டருக்குள் கொட்டலாம்:

```
exiftool -d "%Y%m%d_%H%M%S%%-c.%%e" "-FileName<DateTimeOriginal" machan
```

`%%-c` இருப்பதால், ஒரே விநாடியில் எடுத்த இரண்டு படங்கள் ஒரே ஃபோல்டரில் இருந்தால் இரண்டாவதன் பெயரில் ஓர் எண் ஒட்டிக்கொள்ளும். வேறு வேறு ஃபோல்டரில் இருந்து கொட்டும்போது ஒரே பெயர் மோதினால், கணினி கேட்கும் கேள்விக்கு "மாற்றி எழுது" என்பதைத் தொடாமல் இரண்டையும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். டிவியிலோ பென் டிரைவிலோ போட்டுப் பார்க்கும்போது எந்த மென்பொருளும் எக்ஸிஃபைப் படிக்காவிட்டாலும் பெயர் வரிசையே நேர வரிசையாக இருக்கும். `_original` கோப்புகளை மட்டும் அவசரப்பட்டு அழிக்காதீர்கள், வீட்டில் எல்லாரும் ஒரு தரம் ஓட்டிப் பார்த்து "இது முன்னாடி, அது பின்னாடி" என்று சண்டை போட்டு முடியட்டும்.